கோவை – ஊட்டி மின்சார கார் பயணம்: சார்ஜிங் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வயதான பெற்றோருடன், 30 யூனிட் பேட்டரி கொண்ட மின்சார காரில் கோவையிலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி செல்லவிருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் என்றாலும், சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருப்பதால், ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டியை மேலேற்றுவதற்கு மட்டுமே 9 முதல் 10 யூனிட் செலவாகும். சமதள ஓட்டத்துக்கான 6, 7 யூனிட்டையும் சேர்த்தால் பேட்டரியில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஆகவே மேட்டுப்பாளையத்தில் 90 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு புறப்பட எண்ணுகிறேன். அங்குள்ள சார்ஜர் பழுதாகியிருந்தால், குன்னூரில் நம்பத்தக்க மாற்று எது? எர்த் இணைப்பு சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் இரவு முழுவதும் சார்ஜ் செய்ய அனுமதிக்கும் விடுதி ஊட்டியில் உண்டா?

இறக்கத்தில் உருவாகும் மின்சாரத்தை ஏற்கப் பேட்டரியில் இடம் வேண்டும் என்பதால், திரும்பும்போது 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுவேன். அண்மையில் இறங்கி வந்தவர்கள், தங்களுக்கு எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.