கண்டக்டோமெட்ரி ரீடிங்கை அப்படியே கிராஃப் போடலாமா, திருத்திப் போடணுமா?

நித்யா_பிஎஸ்சி3

வியாழக்கிழமை பிராக்டிகல் வைவா. HCl, NaOH கண்டக்டோமெட்ரிக் டைட்ரேஷன். பீக்கரில் 20 மி.லி. HCl பிப்பெட் செய்து, செல் முழுகவில்லை என்று 20 மி.லி. தண்ணீர் சேர்த்தேன். பியூரெட்டில் 0.1 N NaOH. எக்செல்லில் போட்டால் கோடு லேசாக வளைகிறது. ஒருத்தி எண்ட் பாயிண்ட் 10 என்கிறாள், எனக்கு 9.8 வருகிறது. எது சரி? ஒரே ஒரு ரிசல்ட் ஸ்லைடுதான் காட்டலாம், அதில் என்ன போடுவது?

```
mL   mS
0    10.56
2    8.68
4    6.97
6    5.41
8    3.98
10   2.66
12   3.05
14   3.79
16   4.48
18   5.12
20   5.72
```

முகில்

10 தான். ரீடிங் எங்கே ரொம்பக் குறைவோ அதுதான் எண்ட் பாயிண்ட், 2.66-க்கு நேரே பாருங்கள். கோடு வளைவது பிரச்சினையே இல்லை, சார்ட்டில் `Scatter with Smooth Lines` எடுத்தால் எல்லாப் புள்ளியையும் தொட்டுக்கொண்டு அழகாகப் போகும். நான் போன வருடம் அப்படித்தான் போட்டேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

லேப்_கார்த்தி

முகில், குறைவான இடம்தான் எண்ட் பாயிண்ட் என்பது சரி. ஆனால் இவர் 10-லும் 12-லும்தான் அளந்திருக்கிறார், நடுவில் அளக்கவே இல்லை. உண்மையான தாழ்வு 10.4-ல் இருந்தாலும் 9.7-ல் இருந்தாலும் அட்டவணையில் குறைந்த எண் 10-க்கு நேரேதான் நிற்கும். இரண்டு பக்கமும் நேர்கோடு போட்டு அவை வெட்டுகிற இடத்தைப் பார்ப்பதே அதற்காகத்தான். ஸ்மூத் லைன் அங்கே ஒரு குழியைத் தானாக வரைந்துவிடும். அந்தக் குழிக்கு நீங்கள் எடுத்த ரீடிங் எதுவும் ஆதாரம் இல்லை, எக்செல் கற்பனை செய்தது அது.

நித்யா, உங்களுக்கு 9.8 எப்படி வந்தது? 0 முதல் 8 வரை ஒரு ட்ரெண்ட்லைன், 12 முதல் 20 வரை இன்னொன்றா?

நித்யா_பிஎஸ்சி3

ஆமாம் அண்ணா, அதேதான். 9.79 வந்தது. R² முதல் கோட்டுக்கு 0.997, இரண்டாவதுக்கு 0.998. அதனால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ராஜ்_ஈரோடு

செல் கான்ஸ்டண்டால் பெருக்க மறந்திருப்பீர்கள், அதனால்தான் வளைகிறது. KCl வைத்து முதலில் செல் கான்ஸ்டண்ட் கண்டுபிடித்தீர்களா?

லேப்_கார்த்தி

ராஜ் சார், செல் கான்ஸ்டண்ட் எல்லா ரீடிங்கையும் ஒரே எண்ணால்தான் பெருக்கும். கிராஃப் மொத்தமாக மேலே நீளும், கோடு நேராகவும் ஆகாது, வெட்டுகிற இடம் நகரவும் நகராது. இங்கே வளைவதற்குக் காரணம் கரைசல் நீர்த்துப்போவது. ஆரம்பத்தில் பீக்கரில் 40 மி.லி. கடைசியில் 60. ஒன்றரை மடங்கு. அயனிகள் பரந்துபோவதால் மீட்டர் குறைத்துக் காட்டும், அதுவும் போகப் போக அதிகமாகக் குறைத்துக் காட்டும்.

நித்யா, R²-ஐ நம்பாதீர்கள், உங்கள் முதல் கோட்டை உற்றுப் பாருங்கள். 0-ல் கோடு 10.41 சொல்கிறது, உங்கள் புள்ளி 10.56, அதாவது கோட்டுக்கு மேலே. 4-ல் கோடு 7.12, புள்ளி 6.97, கீழே. 8-ல் கோடு 3.83, புள்ளி 3.98, மறுபடி மேலே. இரண்டு முனையும் மேலே, நடு கீழே. கை நடுக்கத்தாலோ பியூரெட்டைத் தப்பாகப் படித்ததாலோ வந்த பிழை என்றால் இப்படி வரிசையாக நிற்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறும். இரண்டாவது கோட்டில் இதற்கு நேர் எதிராக முனைகள் கீழே, நடு மேலே இருக்கும், பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது ஒரே ஒரு பெருக்கல். A பத்தியில் மி.லி., B-யில் மீட்டர் ரீடிங், C-யில் திருத்தியது. முதல் வரி தலைப்பு என்று வைத்து:

```
C2:  =B2*(40+A2)/40
E2:  =(INTERCEPT(C8:C12,A8:A12)-INTERCEPT(C2:C6,A2:A6))/(SLOPE(C2:C6,A2:A6)-SLOPE(C8:C12,A8:A12))
```

C2-வை கீழே வரை இழுத்துவிடுங்கள். 8 மி.லி.-யில் 3.98 என்பது 4.78 ஆகும், 20-ல் 5.72 என்பது 8.58 ஆகும். E2-வில் 10.4 வரும். 10 மி.லி. புள்ளியை நான் கணக்கில் விட்டிருக்கிறேன், திருப்பம் பக்கத்தில் இருப்பதால். ஆனால் கிராஃபில் அதைக் காட்டுங்கள், முதல் கோட்டின் மேலேயே போய் உட்காரும்.

செண்பகா

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. பன்னிரண்டு வருடமாக லேபில் நிற்கிறேன். மீட்டர் காட்டியதுதான் ரீடிங். கோடு நேராக வரவில்லை என்பதற்காக மாணவர்கள் ஒவ்வொரு எண்ணையும் எதனாலாவது பெருக்க ஆரம்பித்தால் நாளைக்கு விடைக்கு ஏற்றபடி ரீடிங் எழுதும் பழக்கம்தான் வரும். எக்ஸாமினர் ரெக்கார்டைத் திறந்து 3.98 இருக்கிறதே, ஸ்லைடில் 4.78 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்தப் பெண் தடுமாறும். இன்னொன்று, எங்கள் பக்கம் எல்லாரும் மீட்டர் ரீடிங்கை வைத்துத்தான் கிராஃப் போடுகிறார்கள், மதிப்பெண்ணுக்கான விடையும் அப்படியே போட்டுப் பார்த்ததாக இருந்தால் திருத்தியவருக்குத்தான் நஷ்டம்.

லேப்_கார்த்தி

மேடம், விடைக்கு ஏற்றபடி எழுதுவதை நானும் எதிர்க்கிறேன். அதனால்தான் B பத்தியை அழிக்கச் சொல்லவில்லை, ரெக்கார்டிலும் மீட்டர் ரீடிங் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பத்தி கூடுதல், அவ்வளவுதான். பெருக்கும் எண் விடையைப் பார்த்து வைத்ததில்லை, பீக்கரில் எத்தனை மி.லி. இருந்தது என்பதிலிருந்து மட்டும் வருகிறது.

திருத்தியது சரியா என்று விடை தெரியாமலே சோதிக்க ஒரு வழி உண்டு, அதையும் சொல்கிறேன். முதல் பாதியில் ஒவ்வொரு H⁺ போய் அதன் இடத்தில் Na⁺ வருகிறது. 25 டிகிரியில் அயனிகளின் கடத்துதிறன் H⁺-க்கு 350, Na⁺-க்கு 50 என்று வைத்தால் இழப்பு 300. இரண்டாம் பாதியில் Na⁺-உம் OH⁻-உம் சேர்கின்றன, 50-உம் 198-உம், ஆக 248. எனவே இறங்கும் சரிவு ஏறும் சரிவைப் போல 1.2 மடங்கு இருக்க வேண்டும். திருத்திய பிறகு நித்யாவின் சரிவுகள் 0.72, 0.58. விகிதம் 1.25. திருத்தாமல் பார்த்தால் 0.82, 0.33. விகிதம் இரண்டரை! இரண்டரை மடங்கு வருவதற்கு இந்த அயனிகளில் வழியே இல்லை.

விடையில் எவ்வளவு வித்தியாசம் என்றால், 9.8 எடுத்தால் HCl 0.049 N, 10.4 எடுத்தால் 0.052 N. கிட்டத்தட்ட 6 சதவீதம்.

வைஷு

எனக்கு அசிட்டிக் அமிலம் வந்தது, திருத்தவே இல்லை, சரியாகத்தான் வந்தது. ஆனால் அதில் வேறு தொல்லை. முதல் கொஞ்சம் மி.லி.க்கு இறங்கி அப்புறம் மெதுவாக ஏறி எண்ட் பாயிண்ட்டுக்குப் பிறகு வேகமாக ஏறும். நான் ஆரம்பத்தில் இறங்கும் புள்ளிகளையும் சேர்த்து ட்ரெண்ட்லைன் போட்டு முழுதாகக் கெடுத்துக்கொண்டேன். இன்னொன்று, மீட்டர் ரேஞ்ச் மாற்றும்போது 2.04 mS-க்கு அடுத்து 1935 µS என்று காட்டியது, அதை அப்படியே 1935 என்று டைப் செய்துவிட்டேன். கிராஃபில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கூரையில் போய் நின்றது, மற்றதெல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் புரியவில்லை.

லேப்_கார்த்தி

வைஷு, பியூரெட்டில் எவ்வளவு நார்மாலிட்டி NaOH? பீக்கரில் இருப்பதைவிடப் பத்து மடங்கு செறிவாக இருந்தால் சில மி.லி.யிலேயே முடிந்துவிடும், பருமன் பெரிதாக மாறாது, திருத்தாவிட்டாலும் பெரிய பாதகம் இல்லை.

வைஷு

1 N. பீக்கரில் 50 மி.லி. இருந்தது. 5 மி.லி.க்குள் முடிந்தது.

செண்பகா

சரி, சரிவு விகிதக் கணக்கு நியாயமாகத்தான் இருக்கிறது, அதை நான் இதுவரை மாணவர்களிடம் கேட்டதில்லை. ஆனாலும் எக்ஸாமினர் எதை எதிர்பார்க்கிறார் என்பது அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால் பொதுவான வழக்கம் எதுவோ அதையே ஸ்லைடில் போட்டு, கேட்டால் மட்டும் திருத்தத்தைச் சொல்லட்டும்.

லேப்_கார்த்தி

அங்கே நாம் ஒத்துப்போக மாட்டோம் மேடம். கரைசலை எடை போட்டுத் தயாரித்தவரிடம் உண்மை எண் இருக்கும், அதற்குப் பக்கத்தில் வருவதுதான் என் கணக்கு. எக்ஸாமினரும் வளைந்த கோட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்திருந்தால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நித்யா, ஸ்லைடுக்கு வருகிறேன். ஒரே கிராஃப். புள்ளிகள் புள்ளிகளாகவே இருக்கட்டும், அவற்றைக் கோட்டால் இணைக்காதீர்கள். இரண்டு பாதியையும் தனித்தனி சீரிஸாகக் கொடுத்தால்தான் இரண்டு ட்ரெண்ட்லைன் வரும். `Forecast`-இல் முதல் கோட்டை `Forward` 4, இரண்டாவதை `Backward` 3 நீட்டினால் ஒன்றையொன்று வெட்டும். வெட்டும் இடத்திலிருந்து கீழே ஒரு புள்ளிக்கோடு இறக்கி 10.4 மி.லி. என்று எழுதுங்கள். செங்குத்து அச்சுக்கு "திருத்திய கடத்துதிறன் (mS)" என்று பெயர், இல்லாவிட்டால் மேடம் பயந்த கேள்வி வரும். அட்டவணையை ஸ்லைடில் திணிக்காதீர்கள், பதினோரு வரியைப் பின்னால் இருந்து யாராலும் படிக்க முடியாது, அதற்கு ரெக்கார்ட் இருக்கிறது. கிராஃபுக்குக் கீழே ஒரே வரி: 10.4 × 0.1 ÷ 20 = 0.052 N.

முகில்

`Line` சார்ட் எடுத்தாலும் இதே மாதிரிதானே வரும்? 2, 4, 6 என்று சமமாகத்தானே இருக்கிறது.

லேப்_கார்த்தி

இவருக்குத் தற்செயலாகச் சரியாகத் தெரியும். எண்ட் பாயிண்ட் பக்கத்தில் அரை அரை மி.லி.யாக எடுத்திருந்தால் அதையும் 2 மி.லி. இடைவெளியில் வைத்து வரையும், சரிவு பொய்யாகிவிடும். `Scatter` மட்டும் எடுங்கள்.

நித்யா_பிஎஸ்சி3

போட்டுவிட்டேன். 10.4 வந்தது, 10 மி.லி. புள்ளியும் கோட்டின் மேலேயே இருக்கிறது! எக்செல் 10.3995 என்று நீளமாகக் காட்டியது, அதை ஒரு தசம இலக்கத்துக்கு முழுமையாக்கிவிட்டேன். மீட்டர் ரீடிங் கிராஃபை இரண்டாவது ஸ்லைடாக மறைத்து வைத்திருக்கிறேன், செண்பகா மேடம் சொன்ன கேள்வி வந்தால் திறப்பேன். நாளை காலை லேப் திறந்ததும் 9-லிருந்து 12 வரை அரை மி.லி. இடைவெளியில் இன்னொரு தடவை டைட்ரேட் செய்யலாம் என்று அட்டெண்டர் அண்ணாவிடம் கேட்டிருக்கிறேன்.

செண்பகா

எடும்மா. புது டைட்ரேஷனிலும் அதே 20 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்று, கண் அளவில் ஊற்றாதே. உன் 40 அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது.