பல் தடம் இல்லை, வீக்கம் இல்லை, இமை மட்டும் தூக்கவில்லை

வாசற்படி
அண்ணன் மகனுக்கு 19 வயது. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவன், விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்து வாந்தி எடுத்தான். அஜீரணம் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஐந்து மணி வாக்கில் பேச்சு குழறியது, இமை பாதிக்கு மேல் ஏறவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் தேடியும் பல் தடம் கிடைக்கவில்லை. ரத்தம் உறையும் சோதனையும் சரியாக இருந்தது. ஆனாலும் பாம்புக்கடி என்று சொல்லி விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினார்கள். மருந்து ஏறிய பிறகுதான் மூச்சே நின்றது. வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள், இப்போது நன்றாக இருக்கிறான். எதை வைத்து மருந்து கொடுத்தார்கள், கொடுத்தும் ஏன் மூச்சு நின்றது என்பது இன்னும் புரியவில்லை.

கரிசல்காரன்
சோதனை சரியாக இருந்தால் விஷம் ஏறவில்லை என்றுதான் அர்த்தம். மாமாவைக் கண்ணாடி விரியன் கடித்தபோது கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் வைத்தார்கள். சாய்த்துப் பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. அதைப் பார்த்த பிறகுதான் மருந்து போட்டார்கள். உங்கள் பையனுக்கு வேறு ஏதாவது நரம்புக் கோளாறாக இருக்கும்.

இரவுப்பணி
பத்து வருஷத்துக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். கரிசல்காரன் சொல்லும் சோதனை கண்ணாடி விரியனுக்கும் சுருட்டைக்கும் பொருந்தும். அவற்றின் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். அதிலும் ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது. அங்கே குழாயை விட இமைதான் முக்கியம்.

தரையில் தூங்கியவர், விடியலில் வயிற்றுவலி, அப்புறம் இமை தொங்கல், விழுங்க முடியாமை. இது சேர்ந்து வந்தால் தடம் தேடி நேரம் போக்க மாட்டோம். கட்டுவிரியனின் பல் சிறியது, கடி பலருக்கு வலிப்பதே இல்லை, வீக்கமும் இருக்காது. உடம்பில் விஷத்தின் அறிகுறி தெரிகிறது, அது போதும் மருந்து தொடங்க.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மருந்து, ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனிக்குள் போய் அதைச் சிதைத்துவிட்டால், எத்தனை குப்பி ஏற்றினாலும் அது திரும்பாது. நுனி தானாக வளர்ந்து சேரும் வரை இயந்திரம்தான் மூச்சு விட வேண்டும். நாகம் கடித்தவருக்கு நியோஸ்டிக்மைன் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் இமை தூக்குவதைப் பார்க்கலாம். கட்டுவிரியனில் அந்த அதிர்ஷ்டம் குறைவு.

வாசற்படி
அப்படியானால் முதல் இரண்டு மணி நேரம்தான் போச்சு. கண் பாவை விரிந்து அசையாமல் கிடந்தபோது, உறவுக்காரர் ஒருவர் "மூளை செத்துவிட்டது" என்று அவன் தலைமாட்டிலேயே சொன்னார். பிழைத்து வந்ததும் அதை வார்த்தை மாறாமல் சொன்னான்.

இரவுப்பணி
கேட்டிருப்பான். தசைதான் ஓய்ந்திருக்கும், நினைவு இருக்கும். விரிந்த பாவையை மட்டும் பார்த்து யாரும் கைவிடக் கூடாது.

தென்னந்தோப்பு
என்னைச் சாரை கடித்தது, ஊசி போடாமலே ஒரு நாள் படுக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். இது அலட்சியம்தானே?

இரவுப்பணி
இல்லை. சாரைக்கு விஷம் கிடையாது. பாம்பு எது என்று உறுதியாகத் தெரியாததால் 24 மணி நேரம் கவனித்திருப்பார்கள், அது சரி. தடம் மட்டும் இருந்தால் மருந்து கொடுப்பதில்லை. குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது அது. சிலருக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அரிப்பு, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் வரும். அதற்காகத்தான் அட்ரினலின் பக்கத்திலேயே வைத்திருப்போம்.

கரிசல்காரன்
சரி, சோதனை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். நரம்பு விஷம் என்றால் மேலே இறுக்கிக் கட்டலாம் இல்லையா? ஆஸ்திரேலியாவில் கட்டுகிறார்கள்.

இரவுப்பணி
அங்கே கயிறு கட்டுவதில்லை. அகலமான பேண்டேஜை அவயவம் முழுக்க ஒரே அழுத்தத்தில் சுற்றி, கட்டை வைத்து அசையாமல் செய்கிறார்கள். பழகாத கை சுற்றினால் தளர்ந்துபோகும் அல்லது இறுகிவிடும். வீங்க வைக்கும் விரியன் கடியில் கெடுதலும் செய்யலாம். நான் கட்டச் சொல்ல மாட்டேன். கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, உடனே கிளம்புவதே போதும். கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

மலைச்சாரல்
நான் செவிலியர். இதில் கொஞ்சம் வேறுபடுகிறேன். ஆஸ்பத்திரி நான்கு மணி நேரத் தொலைவில் இருந்து, கடித்தது கட்டுவிரியன்தான் என்று கண்ணால் பார்த்திருந்தால், பயிற்சி உள்ளவர் பேண்டேஜ் சுற்றுவதை நான் தடுக்க மாட்டேன். இன்னொன்று, யாராவது ஏற்கெனவே கயிறு கட்டி அழைத்து வந்தால் வழியில் பதறி அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறி, அங்கேயே மூச்சு நிற்கலாம். மருந்தும் மூச்சுக் குழாயும் தயாராக இருக்கும் இடத்தில்தான் அவிழ்ப்போம்.

இரவுப்பணி
கயிறு விஷயத்தில் முழு உடன்பாடு. பேண்டேஜில் இல்லை. இருட்டில் கட்டுவிரியன் என்று அடையாளம் சொன்னவர்களில் எத்தனை பேர் அதே மாதிரி இருக்கும் விஷமில்லாத ஓநாய்ப் பாம்பைக் காட்டியிருக்கிறார்கள்!