டிஎஸ்எச் 4.8, பக்கத்துல ஹெச் போட்டிருக்கு. மாத்திரை ஆரம்பிக்கணுமா?

வேப்பமரத்தடி
அவசரம். அம்மாவுக்கு முழு உடல் பரிசோதனை எடுத்தோம். டிஎஸ்எச் மட்டும் 4.8னு வந்து, பக்கத்துல தடிச்ச எழுத்துல ஹெச் போட்டிருக்காங்க. போன வருஷம் 3.6, நார்மல்னு இருந்துச்சு. ஒரே வருஷத்துல தைராய்டு வந்துடுச்சா? பக்கத்து வீட்டு அக்கா 25 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடறாங்க, அதையே நாளைக்குக் காலையில இருந்து கொடுக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

தேனி_மிளகு
அம்மாவுக்கு வயசு என்ன? உடம்பு எடை கூடியிருக்கா, சோர்வு, மலச்சிக்கல் ஏதாவது இருக்கா? மத்தவங்க மாத்திரையை மட்டும் கொடுத்துடாதீங்க.

சோதனைக்குழாய்
இன்னும் சில விவரம் வேணும். ரிப்போர்ட்டுல 4.8க்குப் பக்கத்துல என்ன எல்லை அச்சிட்டிருக்கு? போன வருஷம் எடுத்ததும் இதே லேப்தானா, அதுல என்ன எல்லை? ரத்தம் எத்தனை மணிக்குக் கொடுத்தாங்க? சமீபத்துல காய்ச்சல், ஆஸ்பத்திரி ஏதாவது? தைராய்டு ஹார்மோன் ஃப்ரீ டி4 பார்த்தீங்களா? என்னென்ன மாத்திரை போறாங்க?

கணக்குப்பிள்ளை
ரிப்போர்ட்டை முழுசா போடாம கேள்வி கேட்காதீங்கன்னு இந்தப் பகுதியில பலமுறை சொல்லியாச்சு. நார்மல் எல்லை எப்படி வருதுன்னு தெரிஞ்சா இந்தக் கேள்வியே வராது. ஆரோக்கியமானவங்க கூட்டத்தை எடுத்து, சராசரியோட இரண்டு திட்டவிலக்கத்தைக் கூட்டினா மேல் எல்லை, கழிச்சா கீழ் எல்லை. நடுவுல 95 சதவீதம் பேர் வருவாங்க. மீதி 5 சதவீதம் ஆரோக்கியமா இருந்தும் வெளியே நிப்பாங்க. உங்க பேக்கேஜ்ல 20 பரிசோதனை இருந்தா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லைன்னு வச்சுக்கிட்டா, ஆரோக்கியமான ஆளுக்கு இருபதும் எல்லைக்குள்ள வர வாய்ப்பு 0.95 பெருக்கல் இருபது தடவை, அதாவது 36 சதவீதம்தான். ஒரு ஹெச் வந்ததுக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம்.

பூவரசு
முடி கொட்டுதுன்னு அம்மா பயோட்டின் மாத்திரை சாப்பிடறாங்களான்னு கேளுங்க. அது தைராய்டு ரிசல்ட்டையே கெடுத்துடும். எனக்கு இதுதான் காரணம்னு தோணுது.

சோதனைக்குழாய்
பூவரசு, பயோட்டின் கெடுக்கும்ங்கறது சரி, ஆனா திசை வேற. பயோட்டினை நம்பி வேலை செய்யற கிட்டுல, ரத்தத்துல அது அதிகமா மிதந்தா டிஎஸ்எச் உண்மையை விடக் குறைவாக் காட்டும், ஃப்ரீ டி4 கூடுதலாக் காட்டும். இங்க டிஎஸ்எச் கூடியிருக்கு, அதனால இதை விளக்க அது உதவாது. இருந்தாலும் சாப்பிடறாங்கன்னா அடுத்த தடவை ரத்தம் கொடுக்கறதுக்கு இரண்டு நாள் முன்னாடியே நிறுத்திடறது நல்லது.

கணக்குப்பிள்ளை சார், 95 சதவீதம் சரி. சராசரிக் கணக்கு டிஎஸ்எச்சுக்குப் பொருந்தாது. அதன் பரவல் வலது பக்கம் நீண்ட வால் உள்ளது. சராசரி 1.5, விலக்கம் 0.9ன்னு ஒரு கூட்டத்தை நினைச்சுக்குங்க. இரண்டு விலக்கம் கழிச்சா கீழ் எல்லை மைனஸ் 0.3. ரத்தத்துல மைனஸ் டிஎஸ்எச் கிடையாது. அதனால மடக்கை எடுத்துக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொண்டுவரணும், இல்லைன்னா வரிசைப்படுத்தி எண்ணணும்.

எண்ணற முறையைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், கேள்விக்கு அதுதான் முக்கியம். குறைஞ்சது 120 பேர் வேணும். தைராய்டு கட்டி, குடும்பத்துல தைராய்டு நோய், தைராய்டையே தாக்கற டிபிஓ எதிர்ப்பொருள், கர்ப்பம், சம்பந்தப்பட்ட மருந்து எதுவும் இல்லாதவங்களாப் பொறுக்கணும். 120 மதிப்பையும் சிறுசுல இருந்து பெருசா அடுக்கினா, கீழிருந்து மூணாவது ஆள் கீழ் எல்லை, மேலிருந்து மூணாவது ஆள் மேல் எல்லை. ரிப்போர்ட்டுல இருக்கற மேல் எல்லை எண்ணை நிர்ணயிச்சது கிட்டத்தட்ட அந்த ஒரு மனுஷர். அந்த எல்லையோட 90 சதவீத நம்பக இடைவெளி, மேலிருந்து முதல் ஆள்ல இருந்து ஏழாவது ஆள் வரைக்கும் போகும். எண்ணைத் தசமம் வரைக்கும் அச்சடிச்சுட்டதால அது கத்தி மாதிரி கூர்மையான கோடுன்னு ஆகிடாது.

நம்மூர் லேப் பலவும் இந்த 120 பேரைத் தேடறதில்லை. கிட் தயாரிச்ச கம்பெனியோட எல்லையை எடுத்து, 20 ஆரோக்கியமானவங்க ரத்தத்துல சரிபார்ப்பாங்க. இரண்டு பேருக்கு மேல வெளியே போகலைன்னா எல்லை ஏற்கப்படும். மூணு அல்லது அதுக்கு மேல போனா இன்னொரு 20 பேர் எடுக்கணும்.

கணக்குப்பிள்ளை
பாடப்புத்தகத்துல சராசரி, இரண்டு விலக்கம்னுதான் இருக்கு. கேட்டவருக்குப் புரியணுமேன்னு எளிமையாச் சொன்னேன்.

சோதனைக்குழாய்
எளிமைப்படுத்தலாம் சார். ஆனா அந்தக் கணக்குல வர்ற எல்லை இந்தப் பரிசோதனைக்குத் தப்பா இருக்கும்.

ஓட்டக்காரன்
எனக்கு எஸ்ஜிபிடி 47, எல்லை 40ன்னு போட்டிருக்கு. இதுவும் அந்த 5 சதவீதமா? கல்லீரல் கெட்டுப்போச்சோன்னு தூக்கமே இல்லை. தினமும் ஜிம் போறேன்.

தேனி_மிளகு
உங்களுக்குத் தனி இழை போடுங்க, இது கலந்துடும். சுருக்கமாச் சொல்றேன். கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு தசையில இருந்தும் அந்த நொதி கசியும். ஒரு வாரம் பாரம் தூக்காம மறுபடி எடுங்க, கூடவே தசை நொதியான சிகே பாருங்க. சிகே கூடியிருந்தா தசைப்பக்கம் சந்தேகப்படலாம். அப்பவும் எஸ்ஜிபிடி கூடவே இருந்தா டாக்டர்கிட்ட காட்டி, கொழுப்புக் கல்லீரலா, மஞ்சள்காமாலை வைரஸான்னு தேடணும்.

மருதம்
எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. டிஎஸ்எச் மேல் எல்லையே 2.5தான் இருக்கணும். லேப்கள் பழைய எண்ணையே பிடிச்சுத் தொங்கறாங்க. 4.8ங்கறது அப்படிப் பார்த்தா இரண்டு மடங்கு. அறிகுறி இருந்தா உடனே வைத்தியம் தொடங்கணும்.

சோதனைக்குழாய்
2.5 எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கணும். 2003ல அமெரிக்க மருத்துவ உயிர்வேதியியல் வழிகாட்டி ஒண்ணு, கடுமையாப் பொறுக்கின ஆரோக்கியமானவங்கள்ல 95 சதவீதத்துக்கு மேல 0.4க்கும் 2.5க்கும் நடுவுல இருக்காங்க, அதனால மேல் எல்லை வருங்காலத்துல 2.5க்கு இறங்கலாம்னு சொல்லிச்சு. இன்னொரு 2.5 கர்ப்பத்தோட முதல் மூணு மாசத்துக்கு 2011ல சொன்னது. அதையும் 2017ல, உள்ளூர் எல்லை இல்லாத இடத்துல சுமார் 4ன்னு தளர்த்தினாங்க. இந்த அம்மா இரண்டுலயும் வரமாட்டாங்க. வயசைச் சொன்னா எதிர்த் திசையில பேசவேண்டி வரும்.

மருதம்
கீழே வச்சா முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமே, நோயாளிக்கு அதனால என்ன நஷ்டம்?

தேனி_மிளகு
மாத்திரை அதிகமாப் போனா வயசானவங்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பறதும் எலும்பு தேயறதும் நஷ்டம்தான். 65 வயசுக்கு மேல, டிஎஸ்எச் லேசாக் கூடி டி4 சரியா இருந்தவங்களுக்குத் தைராக்ஸின் கொடுத்துப் பார்த்த பெரிய ஐரோப்பிய ஆய்வு 2017ல வந்துச்சு. அறிகுறிகள்ல போலி மாத்திரையோட எந்த வித்தியாசமும் தெரியலை. 10க்கு மேல தொடர்ந்து இருந்தா பேச்சு வேற.

வேப்பமரத்தடி
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். வயசு 71. இது வேற லேப். இதுல எல்லை 0.27 – 4.20. போன வருஷம் வேற இடம், அதுல 0.35 – 4.94. ரத்தம் காலையில ஆறே முக்காலுக்கு வீட்டுக்கே வந்து எடுத்தாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி நிமோனியான்னு ஆஸ்பத்திரியில இருந்தாங்க. பி.பி. மாத்திரை, கால்சியம். ஃப்ரீ டி4 எடுக்கலை, டி3 டி4ன்னு ரெண்டு இருக்கு, ரெண்டும் எல்லைக்குள்ள. பயோட்டின் இல்லை.

சோதனைக்குழாய்
இதுல நாலு விஷயம் ஒண்ணா வேலை செய்யுது.

முதல்ல எல்லை. 0.27 – 4.20 பொதுவா ரோஷ் மெஷின் எல்லை, 0.35 – 4.94 அபாட் மெஷின் எல்லை. 4.8 ஒண்ணுல ஹெச், இன்னொண்ணுல எல்லைக்குள்ள. ஆனா "அங்க எடுத்திருந்தா நார்மல்"னு சொல்லிட முடியாது. ஒரே ரத்தத்தை இரண்டுலயும் ஓட்டினா ஒரே எண் வராது. ஒப்பிட்ட ஆய்வுகள்ல ரோஷ் பொதுவாக் கூடுதலாப் படிக்குது, ஆனா அதன் மேல் எல்லைதான் சின்னது. அதனால ஒருத்தருக்கு மெஷின் மாறறதாலேயே முத்திரை மாறும். போன வருஷ 3.6ஐயும் இந்த வருஷ 4.8ஐயும் ஏறுமுகம்னு ஒரே கோட்டுல வரையாதீங்க.

சரி, ஒரே மெஷின்னே வச்சுக்கிட்டாலும் ஏற்றம் 33 சதவீதம்தான். டிஎஸ்எச் ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் சுமார் 18 சதவீதம் ஆடும், மெஷின் பிழை ஒரு 4ன்னு வைங்க. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 18.4. இரண்டு ரிசல்ட்டை ஒப்பிடறதால அதை 2.77ஆல் பெருக்கினா 51. பாதிக்கு மேல மாறினாத்தான் அது இயல்பான ஆட்டத்தைத் தாண்டின மாற்றம்னு நம்பலாம். 33 அந்த அளவுக்கு வரலை.

அடுத்து நேரம். டிஎஸ்எச் நடு இரவுக்கும் விடியலுக்கும் இடையில உச்சம், பிற்பகல்ல தாழ்வு. ஆறே முக்கால் உச்சத்துக்குப் பக்கம்.

நிமோனியாதான் எனக்குப் பெரிய காரணமாத் தெரியுது. கடும் நோய்ல அழுங்கியிருந்த டிஎஸ்எச், உடம்பு தேறும்போது தற்காலிகமா எல்லையைத் தாண்டி ஏறும். மூணு வாரத்துல எடுத்தது அந்த ஏற்றத்துல மாட்டியிருக்கலாம்.

தேனி_மிளகு
அதோட வயசு. அமெரிக்காவுல 1988ல இருந்து 1994 வரைக்கும் நடந்த தேசிய உடல்நல ஆய்வுத் தரவுல, தைராய்டு நோய் இல்லாதவங்களை மட்டும் எடுத்தாலும் மேல் எல்லை இருபதுகள்ல 3.56, எண்பதுக்கு மேல 7.49. 71 வயசுக்கு 4.20 கோடு இறுக்கம். வயசுவாரியா எல்லை போடாத ரிப்போர்ட்டுல இதுதான் தொல்லை.

மருதம்
வயசானவங்களுக்கு எல்லையை ஏத்திட்டா, வயசுல மெதுவா வர்ற தைராய்டு அழற்சியையும் "நார்மல்"ல சேர்த்துடறீங்க. டிபிஓ பார்க்காம விடலாமா?

தேனி_மிளகு
அந்தத் தரவுல டிபிஓ உள்ளவங்களை விலக்கித்தான் எடுத்தாங்க. ஆனா எதிர்ப்பொருள் காட்டாத அழற்சியும் உண்டு, அது முழுக்க வெளியேறியிருக்குமான்னு நீங்க கேட்டா வாதத்துக்கு இடம் இருக்கு.

சோதனைக்குழாய்
வேப்பமரத்தடி, இப்போ செய்ய வேண்டியது இது. மாத்திரை ஆரம்பிக்காதீங்க. நிமோனியா தேறி இரண்டு மூணு மாசம் கழிச்சு, இதே லேப்ல, காலை எட்டு ஒன்பது மணிக்கு டிஎஸ்எச், ஃப்ரீ டி4, ஒரு தடவை டிபிஓ எதிர்ப்பொருள். அதிலயும் டிஎஸ்எச் கூடியிருந்து, டிபிஓ இருந்தா பின்னாடி தைராய்டு குறைய வாய்ப்பு அதிகம், அப்போ வருஷத்துக்கு ஒருமுறை கண்காணிக்கணும். ஃப்ரீ டி4 கீழே போனாலோ, டிஎஸ்எச் 10க்கு மேல போனாலோ மட்டும் வைத்தியம் பற்றி டாக்டர் முடிவெடுப்பார். தைராய்டைப் பாதிக்கற அமியோடரோன், லித்தியம் மாத்திரை பட்டியல்ல இருந்தா இப்பவே சொல்லுங்க, அப்போ இவ்வளவு நாள் காத்திருக்கக்கூடாது.

கணக்குப்பிள்ளை
போன வருஷ ரிப்போர்ட்டையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க, எண்ணை மட்டும் வாயால சொல்லாதீங்க. எல்லை வேறங்கறதை அவர் பார்க்கணும்.

வேப்பமரத்தடி
அந்த ரெண்டும் இல்லை. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, இரண்டு மாசம் கழிச்சு வரச் சொன்னார். மாத்திரை ஆரம்பிக்கலை. நன்றி.

பூவரசு
ரிசல்ட் வந்ததும் இதே இழையில போடுங்க, லேப் எல்லையையும் சேர்த்து.