கார்ட்டூன் வில்லன் எவ்வளவு தூரம் பயமுறுத்தலாம்?

மல்லிகைப்பந்தல்:
என் மகளுக்கு ஐந்தரை வயது. அக்கா மகனுக்குப் பத்து. லீவில் இரண்டு பேரையும் உட்காரவைத்து 1994இல் வந்த ‘தி லயன் கிங்’ போட்டேன். யானைகளின் எலும்புக்காட்டில் கழுதைப்புலிகள் துரத்தும்போதே சின்னவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் சிங்கக்குட்டி சிம்பாவின் அப்பா முஃபாசா விழுந்து இறந்ததை அமைதியாகப் பார்த்தாள். பெரியவன் நேர்மாறு. படம் முடிந்த பிறகும் “சிம்பாவாலதான் அவங்க அப்பா செத்தாரா சித்தி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். குழந்தைகள் படத்தில் ஸ்கார் மாதிரி ஒரு வில்லன் எதற்கு? இவ்வளவு பயமுறுத்தினால் போதும் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கடலோரக்காற்று:
அதற்குத்தான் சென்சார் போர்டு இருக்கிறதே. யூ சர்டிஃபிகேட் என்றால் எல்லா வயதுக்கும் சரி என்று பார்த்துத்தான் தருகிறார்கள். இந்தியாவில் இப்போது யூஏ 7+, 13+, 16+ என்று வயது வாரியாகவும் பிரித்துவிட்டார்கள். சர்டிஃபிகேட்டைப் பார்த்துப் போட்டால் பிரச்சினையே இல்லை.

பென்சில்முனை:
வெளிநாட்டு கார்ட்டூன்களுக்குச் சென்னையிலிருந்து ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாகக் காட்டும் முன்வரைவு, வரைவது என் வேலை. கடலோரக்காற்று சொல்வது பாதி சரி. சர்டிஃபிகேட் கடைசியில் வருவது, அதுவும் தியேட்டர் படத்துக்கு. டிவி கார்ட்டூன் ஒவ்வொரு எபிசோடும் சென்சார் போர்டுக்குப் போவதில்லை. அளவு அதற்கு வெகு முன்பே, படம் வரையும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. அமெரிக்க சேனல்களில் ‘ஸ்டாண்டர்ட்ஸ் அண்ட் பிராக்டிசஸ்’ என்று ஒரு பிரிவு உண்டு. கதை வசனத்தை ஒருமுறை, ஸ்டோரிபோர்டை ஒருமுறை படித்து, எது கூடாது என்று குறிப்பு அனுப்புவார்கள்.

மேடம், உங்கள் வீட்டில் நடந்ததை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஜோஆன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ‘ஹல்க்’ டிவி தொடரைக் காட்டினால், பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் மனிதன் பச்சைப் பூதமாக மாறும் இடத்தில்தான் மிரண்டார்கள். அவன் அதன்பிறகு நல்லதுதான் செய்கிறான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு அந்த உருவம் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முன்னால் வரும் ஆபத்துதான் அவர்களைப் பதறவைத்தது. சின்ன வயதில் கண்ணுக்குத் தெரிவது பயம். வளர வளர, என்ன நடக்கும் என்ற நினைப்பு பயம்.

அதனால்தான் உங்கள் மகளுக்குப் பல்லும் மண்டை ஓடும், அக்கா மகனுக்கு ஸ்காரின் ஒரு வாக்கியம். “நீ இல்லையென்றால் உன் அப்பா உயிரோடு இருந்திருப்பார்” என்கிற அர்த்தத்தில் ஸ்கார் பேசுகிறான் இல்லையா, அந்தப் படத்திலேயே கொடூரமான இடம் அதுதான். அதில் நகம் இல்லை, ரத்தம் இல்லை, குரல்கூட உயரவில்லை.

வகுப்பறைச்சன்னல்:
நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. சார் சொல்வதை வைத்தே கேட்கிறேன். ஐந்து வயதுக்கு எது பயம், பத்து வயதுக்கு எது பயம் என்று இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்றால், தெரிந்தே ஒரே படத்தில் இரண்டையும் ஏன் வைக்கிறார்கள்? வில்லன் வேண்டும், சரி. சின்னக் குழந்தை கனவில் அலறுகிற அளவுக்கு வேண்டுமா? பயந்த பிள்ளைகளை மறுநாள் காலையில் பார்ப்பது நான். பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டார்கள், காரணமும் சொல்லத் தெரியாது.

கொள்ளிடத்தார்:
பேய்ப்படங்களை ராத்திரி நேரத்தில் டிவியில் போடக்கூடாது என்று நான் பல வருடமாகச் சொல்கிறேன். என் பேரன் ஒரு பேய்ப்படத்தின் டிரெய்லரைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் என்னோடுதான் படுத்தான். அதே பேரன் பூதனை கதையைத் தினமும் கேட்பான். விஷப்பால் கொடுக்க வந்த அரக்கி, குழந்தை கிருஷ்ணன் பாலோடு அவள் உயிரையும் உறிஞ்சிவிடுகிறான். அதைவிட பயங்கரம் உண்டா? ஆனால் நான் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்ப்பேன். கண் விரிந்தால் குரலைத் தணிப்பேன், அரக்கியின் மூக்கைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

பென்சில்முனை:
ஐயா, கேள்வி பேய்ப்படம் பற்றி இல்லை. ஆனால் திரைக்குக் குழந்தையின் முகம் தெரியாது என்ற விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நீங்கள் குரலைத் தணிக்கிற இடத்தை நாங்கள் முன்கூட்டியே ஊகித்து வரைய வேண்டும்.

டீச்சர் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் படத்தின் நடுப்பகுதியைத் திரும்பப் பாருங்கள். முஃபாசா பாறையிலிருந்து விழுகிறார். அவர் தரையில் மோதுவதைப் படம் காட்டவே இல்லை, தூசிக்குள் மறைந்துவிடுகிறார். உடனே சிம்பாவின் அலறும் முகம். பிறகு குட்டி அப்பாவின் காதைப் பிடித்து இழுத்து எழுப்பப் பார்க்கிறது. உடம்பில் காயமே இல்லை. ஸ்கார் வந்து பழியைப் போடுகிறான், கழுதைப்புலிகள் துரத்துகின்றன. அங்கே ஒரு கழுதைப்புலி முள்புதருக்குள் விழுந்து உடம்பெல்லாம் முள்ளோடு எழுந்து வருகிறது. அரங்கில் குழந்தைகள் சிரிக்கிற இடம் அது. அப்பா இறந்து சில நிமிடம்தான் ஆகியிருக்கும். கொஞ்ச நேரத்தில் சிரிக்க வைக்கும் நண்பர்கள் டிமோனும் பும்பாவும் வந்துவிடுவார்கள்.

முள்புதர் காட்சி கதைக்குத் தேவையே இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால், எலும்புக்காட்டில் மிரண்ட அதே மூன்று மிருகங்கள் அப்படியே மனதில் தங்கிவிடும். நாங்கள் போர்டு வரையும்போது பயத்தின் உச்சத்தைவிட அது எத்தனை நொடி நீடிக்கிறது, எதில் போய் இறங்குகிறது என்றுதான் அதிகம் பேசுவோம். பிரிட்டன் தணிக்கை அமைப்பின் விதியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. யூ கிடைக்க வேண்டுமானால் பயக்காட்சி லேசாக, சுருக்கமாக இருக்க வேண்டும், முடிவு ஆறுதல் தர வேண்டும்.

வகுப்பறைச்சன்னல்:
முடிவு ஆறுதல் தர வேண்டும் என்கிறீர்கள். எத்தனை குழந்தைகள் முடிவு வரை பார்க்கிறார்கள்? என் வகுப்பில் பாதிப் பேர் படத்தையே பார்த்ததில்லை. போனில் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார்கள். வில்லன் வரும் துண்டுதான் அதிகம் சுற்றுகிறது. உங்கள் முள்புதர் அந்தத் துண்டில் இருக்காதே.

பென்சில்முனை:
அதற்கு என்னிடம் பதில் இல்லை டீச்சர். முழுப் படத்தை மனதில் வைத்துத்தான் போர்டு வரைகிறோம்.

நள்ளிரவுவௌவால்:
எல்லோரும் குறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். குறைத்துக் கெடுத்த கதை ஒன்று சொல்கிறேன். ‘பேட்மேன் பியாண்ட்: ரிட்டர்ன் ஆஃப் தி ஜோக்கர்’, 2000 டிசம்பர். 1999இல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்து, சிறுவர் படங்களில் வன்முறை என்றாலே எல்லோரும் பதறிக்கொண்டிருந்த நேரம். பேட்மேனின் துணையாள் ராபினாக இருந்த சிறுவன் டிம்மை வில்லன் ஜோக்கர் கடத்தி, சித்திரவதை செய்து, தன்னைப் போலவே சிரிக்கிற ஒரு சின்ன ஜோக்கராக மாற்றிவிடுகிறான். மூலத்தில், பேட்மேனைச் சுடு என்று துப்பாக்கியை அவன் கையில் கொடுக்கிறான். டிம் திருப்பி ஜோக்கரைச் சுட்டுவிடுகிறான். வெளியிட்ட படத்தில் அது இல்லை. பையன் தள்ளிவிட, ஜோக்கர் வயர்களில் சிக்கி மின்சாரம் பாய்ந்து சாகிறான். சத்தம்தான் கேட்கும். மூலப் படம் 2002இல்தான் வந்தது, பதின்மூன்று வயதுக்குக் கீழ் பெற்றோர் கவனம் தேவை என்கிற பிஜி-13 ரேட்டிங்குடன். படைப்பாளி எடுத்ததை அப்படியே விட வேண்டும் என்பது என் கட்சி.

பென்சில்முனை:
நல்ல உதாரணம், ஆனால் அது வேறு ஒன்றைக் காட்டுகிறது. எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். துப்பாக்கி போயிற்று, சிறுவன் கொல்வது போயிற்று. சிறுவனைச் சிதைத்தது அப்படியே இருக்கிறது. அந்த வெள்ளை முகமும் இளிப்பும் இரண்டு படத்திலும் உண்டு. என் கணக்கில் பத்து வயதுப் பிள்ளைக்கு அதுதான் உண்மையான பயம், ஏனென்றால் கெட்டவன் ஜெயித்தால் நானே கெட்டவனாகிவிடுவேனோ என்ற எண்ணம் அதில் இருக்கிறது. மூலத்தில் டிம் தானாகத் திரும்புகிற ஒரு கணம் இருக்கிறது, சுடும் முன் அவனுக்குள் பழைய பையன் எழுந்து நிற்கிறான். வெட்டியதில் ஜோக்கரின் சாவு வெறும் விபத்து போல ஆகிவிட்டது. ரத்தம் குறைந்தது, ஆறுதலும் சேர்ந்து குறைந்தது.

அதற்காக வெட்டியவர்களை முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். பயமும், பார்த்ததை அப்படியே செய்து பார்ப்பதும் இரண்டு தனிக் கணக்கு. நெருப்பு கக்கும் டிராகன் எத்தனை பயங்கரமாக இருந்தாலும் குறிப்பு குறைவாகவே வரும், வீட்டில் யாரும் அதைச் செய்ய முடியாது. கத்தி, கயிறு, தலையில் மாட்டும் பிளாஸ்டிக் பை, மேஜை டிராயரில் இருக்கக்கூடிய துப்பாக்கி, இவற்றுக்கு உடனே குறிப்பு வரும். நான் வரைந்த ஒரு போர்டில் வில்லன் ஒரு பிள்ளையின் வாயைக் கையால் பொத்துவான். அதை மாற்றச் சொன்னார்கள். மந்திரத்தால் வாய் ஒட்டிக்கொள்வது போல வரைந்தேன், ஒப்புக்கொண்டார்கள். பார்ப்பதற்கு இரண்டாவதுதான் அதிகம் மிரட்டுகிறது, ஆனால் யாரும் தம்பி வாயில் அதைச் செய்து பார்க்க முடியாது.

நள்ளிரவுவௌவால்:
அப்போ மூலம்தான் நல்லது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

பென்சில்முனை:
பதின்மூன்று வயதுக்கு, ஆமாம். எட்டு வயதுக்கு இரண்டையும் காட்டமாட்டேன் தம்பி.

மல்லிகைப்பந்தல்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். “இது வெறும் படம்டா செல்லம், நிஜம் இல்லை” என்று எத்தனை முறை சொன்னாலும் சின்னவள் கேட்கவில்லை. பெரியவனிடம் சிம்பாவின் தப்பு இல்லை என்று சொன்னதும் அடங்கிவிட்டான்.

பென்சில்முனை:
கேன்டர் எழுதியதும் இதேதான். சின்னவர்களிடம் விளக்கம் எடுபடாது. அணைத்துக்கொள்ளுங்கள், டிவியை அணையுங்கள், கையில் தின்ன ஏதாவது கொடுங்கள், பொம்மையைக் கொடுங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல்தான் பேச்சு உதவும். இன்னும் ஒரு வருடத்துக்கு எலும்புக்காட்டை மட்டும் ஓட்டிவிட்டு மீதியைக் காட்டுங்கள், கடைசிச் சண்டையில் அவ்வளவு பயம் இருக்காது. ஸ்காரைக் கழுதைப்புலிகள் கொல்வதை நெருப்புக்குப் பின்னால் நிழலாகத்தான் காட்டுகிறார்கள்.

வகுப்பறைச்சன்னல்:
நிழலில் காட்டினால் போதும் என்பதை ஏற்கமாட்டேன். 1999இல் வந்த ‘டார்ஜான்’ படத்தில் வில்லன் கிளேட்டன் கொடியில் சிக்கித் தூக்கில் தொங்குவதும் நிழல்தான். மின்னல் வெட்டும்போது ஒரு நொடி தெரியும். அதற்கு அமெரிக்காவில் எல்லோரும் பார்க்கலாம் என்று ஜி ரேட்டிங். கயிறு கூடாது என்று இப்போதுதான் சொன்னீர்கள்.

பென்சில்முனை:
அந்த நிழல் எனக்கும் உறுத்துகிறது. என் போர்டாக இருந்தால் அவன் விழுவதோடு வெட்டியிருப்பேன். ஆனால் நான் வேலை செய்யும் இடத்தில் இதைக் கேட்டால் பாதிப் பேர் அந்த நிழலைத்தான் படத்தின் சிறந்த ஷாட் என்பார்கள்.

கொள்ளிடத்தார்:
நான் அந்தப் படம் பார்த்ததில்லை. பேரன் வந்ததும் முதலில் நான் தனியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.