வெண்டைச் செடி 2 சென்டிமீட்டர் குறைந்த வாரம்

ஐந்தாம் வகுப்பு டீச்சர்:
எங்கள் பள்ளித் தோட்டத் திட்டம் எல்லாரும் செய்வதுதான். வெண்டை, ஐந்து குழு, குழுவுக்கு ஒரு நாள் தண்ணீர், களை. வெள்ளிக்கிழமைக் குழு உயரத்தை அளந்து நோட்டில் எழுதும். நாலாவது வாரம் நோட்டைப் பார்த்தால் 16 செ.மீ. முந்தின வாரம் 18. "ஸ்கேலை ஒழுங்காப் பிடிச்சியா?" என்று அளந்த பெண்ணைக் கேட்டு, அந்த 16-ஐச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். அந்தப் பெண் அசரவில்லை. "அளந்தா அதுதான் டீச்சர் வருது" என்றாள்.

சாயந்திரம் போய்ப் பார்த்தேன். செடியடியில் புது மண். புதன்கிழமைக் குழு மண் அணைத்திருக்கிறது! விரலால் கிளறினால் கீழே இறுகின பழைய தரை தட்டுப்பட்டது. அதிலிருந்து புது மண்ணின் மேல்மட்டம் 6 செ.மீ. அப்படியானால் செடி 22 செ.மீ. வளர்ந்து நின்றிருக்கிறது.

மாடித்தோட்டக்காரன்:
செடி குட்டையாகவே நிற்கிறது என்றால் சத்துக் குறைவு. பஞ்சகவ்யா 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, நன்றாக வடிகட்டி, காலையிலோ சாயந்திரமோ தெளியுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், நான் பட்டிருக்கிறேன். வெயிலில் தெளிக்கவே கூடாது.

ஓய்வுபெற்ற அறிவியல் சார்:
தம்பி, செடி வளரத்தான் செய்தது, ஏறினது மண். எங்களுக்கும் இது நடந்தது. அப்புறம் ஒவ்வொரு செடி பக்கத்திலும் ஒரு குச்சியை ஆழமாக ஊன்றி, முதல் நாள் தரைமட்டத்தில் பெயின்ட் கோடு போட்டோம். மண் ஏறினாலும் கரைந்தாலும் கோட்டின் உயரத்திலிருந்துதான் அளவு. கோடு புதைந்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் மண்ணை விலக்கிப் பார்ப்போம். மேலே இலை நுனி வரை அளக்கக் கூடாது, குருத்து வரைதான்.

ஆனால் உங்கள் கோளாறு ஸ்கேலில் இல்லை டீச்சர். பராமரிப்பு முறைப்பட்டியல் சுவரில், அளவு நோட்டில். ஒரே பக்கத்தில் "புதன்: மண் அணைத்தோம்" என்று இருந்தால் அந்தப் பெண்ணே கண்டுபிடித்திருப்பாள்.

இரு பிள்ளைகளின் அம்மா:
மத்தியானம் அளந்தாலும் குறையும் சார். என் மகன் வகுப்பில் அப்படித்தான், வெயிலில் செடி வாடிச் சுருங்கிவிடும். காலையில் அளக்கச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற அறிவியல் சார்:
வாடினால் இலை தொங்கும், அதனால் இலை நுனி வரை அளந்தவனுக்குக் குறையும். குருத்து வரை அளந்தால் 2 செ.மீ. எல்லாம் குறையாதம்மா. காலையில் அளப்பது நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

இரு பிள்ளைகளின் அம்மா:
கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன் சார். அது இருக்கட்டும், சனி, ஞாயிறு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்? எங்கள் பள்ளியில் திங்கட்கிழமைக் குழு ரெண்டு நாள் தண்ணீரையும் சேர்த்து ஊற்றி, நாற்று அழுகிப் போச்சு.

ஐந்தாம் வகுப்பு டீச்சர்:
சனி, ஞாயிறுக்கு இன்னும் வழி தெரியவில்லை. குச்சி திங்கட்கிழமை ஊன்றுகிறோம். நோட்டில் அடித்த 16-க்கு மேலே மறுபடி 16 என்று எழுதி, பக்கத்தில் "மண் 6" என்று போட்டேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "கையெழுத்து யாருது டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.