மார்ச் மாதப் பாலிசிப் போட்டி: போனில் "ஆமாம்" சொன்னால் முடிந்ததா?

வேலன்_விற்பனை: போட்டியும் பரிசும் இல்லையென்றால் வங்கிக் கிளையில் யாரும் காப்பீட்டுப் பாலிசி விற்க மாட்டார்கள். எல்லாம் புரிந்ததா என்று காப்பீட்டு நிறுவனம் போனில் கேட்கும் வெரிஃபிகேஷன் காலில் "ஆமாம்" சொல்லிவிட்டு, அப்புறம் ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுவது வாடிக்கையாளரின் தவறு.

ஓய்வு_மேலாளர்: 26 வருடம் வங்கியில் இருந்தவன். இதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அந்த "ஆமாம்" எப்படி வருகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். மார்ச் 28. போட்டி முடிய மூன்று நாள். 64 வயதுக்காரர், மாத பென்ஷன் 28,000 ரூபாய். ஐந்து லட்சம் டெபாசிட் முதிர்ந்திருக்கிறது, புதுப்பிக்க வந்தார். "இதைவிட நல்ல டெபாசிட் இருக்கு சார்" என்று உட்கார வைத்து ஐந்து இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போன் வந்தபோது விற்றவர் பக்கத்திலேயே நின்று, "எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லுங்க, இல்லன்னா பணம் மாட்டிக்கும்" என்றார். அவரும் சொன்னார்.

வேலன்_விற்பனை: சொன்னார் அல்லவா? அவ்வளவுதான்.

ஓய்வு_மேலாளர்: அடுத்த மார்ச்சில் இன்னொரு ஐந்து லட்சம் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. ஏழு வருடம் கட்ட வேண்டிய பாலிசி அது. அவருடைய ஒரு வருடப் பென்ஷனே 3,36,000 ரூபாய்தான். விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் 15 லட்சம் என்று எழுதியிருந்தது, அவர் கையெழுத்தில் இல்லை.

ஒரே தடவை கட்டும் பாலிசியை ஏன் கொடுக்கவில்லை? போட்டிக் கணக்குதான் காரணம். சிங்கிள் பிரீமியத்தை வழக்கமாகப் பத்தில் ஒரு பங்காகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து லட்சம் வந்தாலும் போட்டிப் பலகையில் 50,000 என்றுதான் ஏறும். வருடா வருடம் கட்டுகிற பாலிசி என்றால் ஐந்து லட்சமும் முழுதாக ஏறும். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. மூன்று நாளில் நாலரை லட்சம் வித்தியாசம், மாலையில் மண்டல அலுவலகத்திலிருந்து "இன்னைக்கு எத்தனை பாலிசி லாகின்?" என்று போன். யாராக இருந்தாலும் கை அங்கேதான் போகும்.

ஏஜென்ட்_கண்ணன்: அதனால்தான் வங்கிக்குப் போகாதீர்கள் என்று 18 வருடமாகச் சொல்கிறேன். நாங்கள் வீடு தேடி வந்து விளக்குவோம்.

ஓய்வு_மேலாளர்: கண்ணன், உங்கள் ஆட்களுக்கும் மார்ச்சில் வெளிநாட்டுப் பயணப் போட்டி உண்டு. என்னைப் பேச வைக்காதீர்கள்.

ஏஜென்ட்_கண்ணன்: நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. உங்கள் வங்கிக்காரர்கள் எங்கள் வாடிக்கையாளர்களைப் பிடுங்கியதை முதலில் பேசுங்கள்.

மீனா_தஞ்சை: அப்பாவுக்கும் போன மாதம் இதே மாதிரி ஒன்று. நகைக்கடனுக்குப் போனவரிடம் பாலிசி போட்டால்தான் சீக்கிரம் கடன் கிடைக்கும் என்றார்களாம். ஏதாவது வழி இருக்கிறதா?

சரவணன்78: பாலிசி வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ லுக் 15 நாள்தான் அம்மா. முடிந்துபோச்சு.

ஓய்வு_மேலாளர்: தப்பு. அது பழைய கணக்கு. 2024 விதிகளில் 30 நாள் ஆக்கிவிட்டார்கள். அதுவும் பணம் கட்டிய நாளிலிருந்து இல்லை, பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து. மீனா, ஆவணம் என்று வந்தது? தபால் என்றால் உறையை வைத்திருங்கள், மெயில் என்றால் தேதியைப் பாருங்கள். கிளைக்குப் போய்ச் சொல்லாதீர்கள். "மார்ச் முடியட்டும், ஏப்ரலில் ரத்து செய்யலாம்" என்று நாளைக் கடத்துவார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுத்தில் அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். முத்திரைச் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பீடு இருந்த நாட்களுக்கான கட்டணம் போக மீதி வரும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை.

வேலன்_விற்பனை: ஆம்பட்ஸ்மேனும் முதலில் கேட்பது வெரிஃபிகேஷன் பதிவைத்தான். "ஆமாம்" சொன்னாரா, இல்லையா? இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஓய்வு_மேலாளர்: பதிவை மட்டும் பார்த்தால் போதுமா? அந்தப் பெரியவரின் பென்ஷனைவிடப் பிரீமியம் அதிகம் என்பது கணக்குப் பார்த்தாலே தெரியும். அதை யார் பார்த்தார்கள்? அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி கேட்காதவர்களுக்கெல்லாம் கணக்குத் திறந்தது. சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பினார்கள், 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம். அப்புறம்தான் கிளைகளில் விற்பனை இலக்கையே எடுத்தார்கள். ஆளை அனுப்பினால் போதும் என்று அதுவரை நினைத்தார்கள்.

வேலன்_விற்பனை: அது அமெரிக்கா. அங்கே வாடிக்கையாளருக்கே தெரியாமல் திறந்தார்கள். இங்கே "ஆமாம்" சொல்லியிருக்கிறார். என் 11 வருட வேலையைத் திருட்டு என்று சொல்ல நீங்கள் யார்? நீங்கள் மேலாளராக இருந்தபோது டார்கெட் கேட்கவில்லையா?

ஓய்வு_மேலாளர்: கேட்டேன். அந்தப் பெரியவர் என் கிளைக்காரர்தான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மீனா_தஞ்சை: ஆவணம் மெயிலில் 22 நாள் முன்னால் வந்திருக்கிறது. அப்பா திறக்கவே இல்லை. இன்றே எழுதுகிறேன். பதிவையும் கேட்பேன், பின்னால் யார் குரல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வேலன்_விற்பனை: கேளுங்கள். "ஆமாம்" இருக்கும்.

ஏஜென்ட்_கண்ணன்: நான் கேட்டதற்கு மேலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.