மறு: டாட்டாலஜிக்கு எந்தச் சொல்? பொய்மம் வேண்டுமா?

செந்தில்:
வணக்கம். மெய்யட்டவணைப் பயிற்சிச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மாணவர் அட்டவணையை நிரப்பி முடித்ததும் கடைசி நிரலைப் பார்த்துச் செயலி ஒரே சொல்லில் விடை காட்டும். இடம் குறைவு, நீளமான தொடர் ஏறாது. இப்போதைக்கு டாட்டாலஜிக்கு "கூறியது கூறல்", கான்ட்ரடிக்‌ஷனுக்கு "முரண்பாடு", ஈக்விவலன்ஸுக்கு "சமானம்" என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இப்படியே ஏற்றிவிடுகிறேன்.

தாமரை:
"கூறியது கூறல்" அருமை. நன்னூலின் பத்துக் குற்றங்களில் ஒன்று, புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. "மாறுகொளக் கூறல்" என்பதும் அதே பட்டியலில் இருக்கிறதே, முரண்பாட்டுக்குப் பதில் அதையே வைக்கலாம். "மீமிசை ஞாயிறு" போன்றவற்றை ஒருபொருட்பன்மொழி என்று குற்றத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். நம் காலத்து "நடு சென்டர்" மட்டும் எந்தக் கணக்கிலும் தப்பாது.

மலர்விழி:
தாமரை சொல்வது நடை பற்றிய டாட்டாலஜி. செந்தில் கேட்பது வேறு. அட்டவணையில் டாட்டாலஜி எனப்படுவது எதையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, அது எல்லா நிரைகளிலும் மெய்யாக இருந்தால் போதும். இந்தச் சொல்லை இப்பொருளில் நிலைநிறுத்தியவர் விட்கென்ஸ்டைன், 1921இல். அதே ஆண்டில் எமில் போஸ்ட்டும் அட்டவணை முறையைத் தனியாக வெளியிட்டார்.

ஒரு சோதனை. சார்ல்ஸ் பர்ஸ் 1885இல் தந்த விதியை எடுத்துக்கொள்வோம்: `((p→q)→p)→p`. படித்துப் பார்த்தால் இது எப்போதும் மெய் என்று யாருக்கும் தோன்றாது. கூறியதைக் கூறுவதாகவும் தெரியாது. நிரல்கள் சாயாமல் நிற்க 1 என்றால் மெய், 0 என்றால் பொய் என்று வைக்கிறேன். உள்ளடைப்பிலிருந்து வெளியே வர வேண்டும். நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: `→` பொய்யாவது இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0 ஆக இருக்கும்போது மட்டுமே.

```
p q | p→q | (p→q)→p | ((p→q)→p)→p
1 1 |  1  |    1    |      1
1 0 |  0  |    1    |      1
0 1 |  1  |    0    |      1
0 0 |  1  |    0    |      1
```

கடைசி நிரல் முழுக்க 1. டாட்டாலஜி என்பது இவ்வளவுதான். ஆனால் இந்த அட்டவணையில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள். நான்காம் நிரலையும் `p`இன் நிரலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டும் 1 1 0 0. ஆக `(p→q)→p` என்பதும் வெறும் `p` என்பதும் தருக்கச் சமானம். நடுவில் உட்கார்ந்திருக்கும் `q` என்ன மதிப்பு பெற்றாலும் முடிவு மாறவில்லை. மூன்றாவதான முரண்பாட்டையும் இதிலிருந்தே எடுக்கலாம். நான்காம் நிரலோடு `¬p`ஐ `∧` போட்டு இணைத்தால் ஒவ்வொரு நிரையிலும் ஒன்றாவது 0, எனவே விடை 0 0 0 0.

பாடநூலில் டாட்டாலஜிக்கு "மெய்மம்" என்ற சொல் இருக்கிறது. சிறியது, செயலிக்குப் பொருந்தும். என் வாக்கு அதற்கே.

ரஹீம்:
மெய்மம் எனக்கும் சம்மதம். சமானத்தில் ஒரு சந்தேகம். `p` என்பதில் `q`வே இல்லை, எழுத்துகளே வேறாக இருக்கும்போது எப்படிச் சமானம் என்பது? இரண்டு நிரல்களிலும் 1களின் எண்ணிக்கை ஒத்துப்போனால் சமானம் என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன், சரிபார்க்க அதுதான் விரைவு.

அடுத்து, முரண்பாடு. `p`, `¬p` இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்கிறோம். `p∧¬p` என்ற ஒற்றைக் கூற்றையும் முரண்பாடு என்கிறோம். ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. இதைப் பிரிக்காமல் செயலியில் ஏற்றக் கூடாது.

மலர்விழி:
ரஹீம், இரண்டாவது கேள்வி மிகச் சரி, அதற்கு வருகிறேன். முதலாவதில் எண்ணிக்கை வழி உங்களைக் கவிழ்த்துவிடும். `p→q`வுக்கும் அதன் மறுதலையான `q→p`வுக்கும் போட்டுப் பாருங்கள்:

```
p q | p→q | q→p | ¬q→¬p
1 1 |  1  |  1  |   1
1 0 |  0  |  1  |   0
0 1 |  1  |  0  |   1
0 0 |  1  |  1  |   1
```

மூன்று நிரல்களிலும் மும்மூன்று 1கள். உங்கள் விதிப்படி மூன்றும் சமானமாகிவிடும். ஆனால் `q→p`இல் 0 விழும் நிரை வேறு. `p→q`வுக்கு உண்மையில் சமானமாவது கடைசி நிரல் மட்டுமே. எண்ணிக்கை வேறுபட்டால் சமானமில்லை என்று விலக்க உங்கள் வழி உதவும், அந்த அளவுக்குச் சரி. ஒத்துப்போனால் நிரை நிரையாக ஒப்பிட்டே ஆக வேண்டும்.

எழுத்துகள் வேறாக இருப்பது தடையில்லை. இரண்டு கூற்றுகளிலும் வரும் எழுத்துகள் அனைத்தையும் சேர்த்து ஒரே அட்டவணை போட வேண்டும் என்பதே நிபந்தனை. `p`க்குத் தனியாக இரண்டு நிரை அட்டவணையும் மற்றதற்கு நான்கு நிரை அட்டவணையும் போட்டால் ஒப்பிடவே முடியாது. மாணவர் தடுமாறும் இடம் பெரும்பாலும் அதுதான். நிரைகளின் வரிசையும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று எழுத்தென்றால் 8 நிரைகள்: முதல் எழுத்துக்கு நான்கு 1, நான்கு 0, அடுத்ததற்கு இரண்டிரண்டாக, கடைசி எழுத்துக்கு ஒன்று விட்டு ஒன்று. மனம் போன போக்கில் நிரப்பினால் ஒரு நிரை இரண்டு முறை வரும், இன்னொன்று விடுபடும். விடுபட்ட நிரையில்தான் அந்த ஒரே 0 இருக்கும்!

கார்த்திக்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இது என் வேலையில் அன்றாடம் வரும் விஷயம். இப்படி ஒரு வரியை எழுதிவிடுவார்கள்:

```
if (x != 1 || x != 2)
```

இது எப்போதும் மெய். எழுதியவர் நினைத்தது `&&`. கிளாங் நிரல்பெயர்ப்பி `-Wtautological-overlap-compare` என்று எச்சரிக்கும். டாட்டாலஜி என்ற பெயரே அதில் இருக்கிறது. அப்படியானால் இதுவும் மெய்மம்தானே? `x == 1` என்பதை `p`, `x == 2` என்பதை `q` என்று வைத்து உங்கள் அட்டவணையில் போட்டால் `¬p∨¬q`வுக்கு 0 1 1 1 வருகிறது. முதல் நிரையில் 0. எங்கே தப்பு?

மலர்விழி:
தப்பே இல்லை, இரண்டும் சரி. 0 விழும் முதல் நிரையில் `p`, `q` இரண்டும் 1. அதாவது `x` ஒரே நேரத்தில் 1ஆகவும் 2ஆகவும் இருக்கும் நிலை. அது நடக்காது என்பது எண்களைப் பற்றிய அறிவு. அட்டவணைக்கு `p`, `q` இரண்டு எழுத்துகள் மட்டுமே, உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனவே அட்டவணைக் கணக்கில் `¬p∨¬q` மெய்மம் அல்ல. அந்த ஒரு நிரை நடக்க முடியாததால் உங்கள் வரி எப்போதும் மெய். நிரல்பெயர்ப்பி ஒப்பீடுகளின் உள்ளே பார்த்து அதைக் கண்டுபிடிக்கிறது.

ஆகவே அந்த எச்சரிக்கையைத் தமிழாக்குபவர் மெய்மம் என்று போடாமல் "எப்போதும் மெய்" என்று எழுதுவதே நல்லது.

கார்த்திக்:
புரிந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் இரண்டையும் ஒரே பெயரில்தான் அழைப்பார்கள். அதை மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மலர்விழி:
இனி ரஹீமின் முரண்பாடு. இங்கே இரண்டல்ல, மூன்று நிலைமைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே கூற்றின் நிரல் முழுக்க 0. இரண்டு, `p`, `¬p` போல இரு கூற்றுகளின் நிரல்கள் எல்லா நிரையிலும் எதிரெதிர். மூன்று, இரு கூற்றுகள் எந்த நிரையிலும் சேர்ந்து 1 ஆகாமல், சில நிரைகளில் இரண்டுமே 0 ஆவது. `p∧q`இன் நிரல் 1 0 0 0, `¬p∧¬q`இன் நிரல் 0 0 0 1. நடு நிரைகள் இரண்டிலும் இரண்டுமே பொய். இவற்றை ஒன்றின் மறுப்பு மற்றது என்று எடுத்துக்கொண்டு பிழை செய்பவர்கள் ஏராளம்.

தாமரையின் "மாறுகொளக் கூறல்" முன்னே சொன்னதற்குப் பின்னே சொன்னது மாறுவது, அதாவது சோடி பற்றியது. ஒற்றைக் கூற்றுக்கு அது ஒட்டாது. அதற்கு மெய்மத்தின் இணையாகப் "பொய்மம்" என்று வைக்கலாமா? நிரல் முழுக்க மெய் என்றால் மெய்மம், முழுக்கப் பொய் என்றால் பொய்மம். "முரண்" என்பதைச் சோடிக்கு விட்டுவிடலாம்.

தவராசா:
எங்கள் பக்கம் அளவையியலில் "கூறியது கூறல்" என்றே படித்துப் பழகிவிட்டது. மலர்விழி காட்டிய பர்ஸ் அட்டவணைக்குப் பிறகு அதை நியாயப்படுத்துவது கடினம் என்பதை ஏற்கிறேன். இருந்தாலும் மெய்மம், பொய்மம் இரண்டும் ஒலியில் மிக நெருக்கம், வகுப்பில் காதால் கேட்கும் பிள்ளை குழம்பும். முரண்பாடு என்ற சொல் பழகியது. ஒற்றைக் கூற்றுக்கு "தன்முரண்" என்று வைத்தால் என்ன? `p∧¬p` தன்னோடு தானே முரண்படுகிறது.

ரஹீம்:
தன்முரண் நன்றாக இருக்கிறது. ஆனால் `¬(((p→q)→p)→p)` என்பதும் முழுக்க 0தான். அது எங்கே தன்னோடு முரண்படுகிறது? கண்ணால் பார்த்தால் தெரியாது, அட்டவணை போட்டால்தான் தெரியும். மெய்மத்துக்குச் சொன்ன அதே வாதம் இங்கும் பொருந்தும். நான் பொய்மம் பக்கம்.

தவராசா:
அந்த எடுத்துக்காட்டு வலுவானது. என் காது மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

செந்தில்:
அனைவருக்கும் நன்றி. மெய்மம் ஏற்றிவிட்டேன். பொய்மம், தன்முரண் இரண்டையும் மாற்றுச்சரமாக வைத்திருக்கிறேன், வாரக் கடைசிவரை பொறுக்கிறேன். இரண்டும் இல்லாத நிரலுக்கு, அதாவது 1உம் 0உம் கலந்து வந்தால், "நிலையற்றது" என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல். மூலச் செயலியில் `↔` குறிக்கும் `≡` குறிக்கும் ஒரே விளக்கச்சொல்தான் இருக்கிறது. இரண்டையும் "சமானம்" என்று விட்டுவிடலாமா?

மலர்விழி:
வேண்டாம். `↔` கூற்றின் உள்ளே வரும் இணைப்பு, அதற்கு ஒரு நிரல் உண்டு: `p↔q`வுக்கு 1 0 0 1. `≡` இரண்டு கூற்றுகளைப் பற்றி வெளியே நின்று நாம் சொல்வது, அதற்கு நிரலே கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் மாணவர் 1 0 0 1ஐப் பார்த்துவிட்டு "சில நிரைகளில் மட்டும் சமானம்" என்று எழுதுவார். அப்படி ஒன்று இல்லை. `A↔B`யின் நிரல் முழுக்க 1 வந்தால், அதாவது அது மெய்மமானால், `A≡B`. ஒரு 0 விழுந்தாலும் இல்லை. `↔`க்கு "இருநிபந்தனை", `≡`க்கு "தருக்கச் சமானம்". இரண்டாவது உங்கள் பெட்டியில் ஏறாது என்றால் பெட்டியைத்தான் அகலப்படுத்த வேண்டும்.